பச்சை டிராகனும் பதவிப் பிரமாணமும்

‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன் தன் முதல் கதையை ஏழு வயது வாக்கில் எழுதினார். அது ஒரு டிராகனைப் பற்றிய கதை. பச்சை நிறத்தில் இருந்த அந்தப் பெரிய டிராகனை அவர் ‘எ கிரீன் கிரேட் டிராகன்’ என்று எழுதியிருந்தார். படித்துப் பார்த்த அம்மா டிராகனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அப்படி எழுதக் கூடாது, ‘எ கிரேட் கிரீன் டிராகன்’ என்றுதான் எழுத வேண்டும் என்று மட்டும் திருத்தினார். ஏன் என்று பையனுக்குப் புரியவில்லை. 1955இல் கவிஞர் டபிள்யூ. எச். ஆடனுக்கு எழுதிய கடிதத்தில் டோல்கீன் இந்தச் சம்பவத்தைக் குறிப்பிட்டு, அந்த ‘ஏன்’ தனக்கு இன்னும் விளங்கவில்லை என்கிறார். அப்போது அவர் ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில மொழிப் பேராசிரியர்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் நிலைமை இதுதான். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் இரண்டு மூன்று பெயரடைகள் வந்தால் அவற்றை எந்த வரிசையில் அடுக்குவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஆனால் வரிசை பிசகினால் காது உடனே கண்டுபிடித்துவிடும். 2013இல் வெளிவந்த ‘தி எலமென்ட்ஸ் ஆஃப் எலக்வன்ஸ்’ என்ற நூலில் மார்க் ஃபோர்சைத் இந்த வரிசையை ஒரே பத்தியில் எழுதிவைத்தார். 2016இல் பிபிசியில் பணிபுரிந்த ஒருவர் அந்தப் பத்தியைப் படமெடுத்து ட்விட்டரில் போட, அது உலகம் முழுக்கச் சுற்றியது. காலமெல்லாம் தவறாமல் கடைப்பிடித்துவந்த ஒரு விதி இருப்பதே ஆங்கிலேயர்கள் பலருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த வரிசை இது: கருத்து, அளவு, வயது, வடிவம், நிறம், பிறப்பிடம், செய்பொருள், பயன்பாடு. ஆங்கிலம் கற்றுத்தரும் புத்தகங்களில் வேறு வேறு பெயர்களில் ஏறத்தாழ இதே பட்டியல்தான் இருக்கும். மாணவர்கள் இதை மனப்பாடம் செய்வார்கள், தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவார்கள். பேசும்போது நின்று, இது வடிவமா நிறமா என்று எண்ணிப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது? பட்டியலுக்குப் பின்னால் இருக்கும் காரணத்தைப் பிடித்துக்கொண்டால் பட்டியல் தேவைப்படாது.

காரணத்தைப் பார்க்க ஒரு பழைய மேஜை போதும். பழைய மரச்சாமான் கடைக்காரர் ஒருவர் தன் கடையில் உள்ள மேஜைக்கு ஆங்கிலத்தில் விளம்பரம் எழுத வேண்டும். மேஜை அழகானது, பெரியது, பழையது, வட்டமானது, பர்மா தேக்கில் செய்தது, சாப்பிடுவதற்கானது. ஆறு தகவல்களும் ஒரே தொடரில் வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

கடைக்கு இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் மேஜை அழகு என்கிறார், மற்றவர் அவலட்சணம் என்கிறார். இதில் யாரையும் பொய் சொல்கிறார் என்று சொல்ல முடியாது, அவரவர் ரசனை. பெரிய மேஜையா என்றால், இரண்டு அறை அடுக்ககத்தில் இருப்பவருக்குப் பெரியது, செட்டிநாட்டு வீட்டுக்காரருக்குச் சிறியது. இங்கேயும் இருவரும் சரியாக இருக்கலாம், ஆனால் டேப் வைத்து அளந்தால் வாதம் பாதி அடங்கிவிடும். பழையதா என்பதும் அப்படித்தான். வட்டமா என்ற கேள்வியில் சண்டைக்கே இடமில்லை. பர்மா தேக்கா என்பதில் சண்டை வந்தால் இருவரில் ஒருவர் சொல்வது தவறு. மரம் தெரிந்த ஆசாரி வந்து பார்த்தால் முடிந்தது. சாப்பாட்டு மேஜை என்பதோ அந்தப் பொருளின் பெயரிலேயே கலந்துவிட்ட சொல். அதை எடுத்துவிட்டால் பொருளே வேறாகிவிடும்.

இப்போது அந்த ஆறையும், அதிகம் விவாதிக்கக்கூடியதை முதலிலும் விவாதிக்கவே முடியாததைக் கடைசியிலும் வைத்து அடுக்கினால், ‘எ பியூட்டிஃபுல் பிக் ஓல்ட் ரவுண்ட் பர்மா டீக் டைனிங் டேபிள்’ என்று வருகிறது. ஆங்கிலேயரின் காது கேட்கும் வரிசை இதுவே. பொருளோடு ஒட்டிப் பிறந்த குணம் பெயர்ச்சொல்லை ஒட்டி உட்காருகிறது. பார்ப்பவரின் மனத்திலிருந்து வரும் குணம் தொலைவில், தொடரின் வாசலில் நிற்கிறது.

இது வெறும் ஊகமாக நின்றுவிடவில்லை. கிரெகரி ஸ்கொன்ட்ராஸ், ஜூடித் டேகன், நோவா குட்மன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2017இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இரண்டு பெயரடைகளை மாற்றி மாற்றி வைத்து எது இயல்பாக இருக்கிறது என்று ஆங்கிலம் பேசுகிறவர்களிடம் கேட்டார்கள். தனியாக இன்னொரு கேள்வியும் கேட்டார்கள்: ஒரு பொருளை ஒருவர் இப்படி என்கிறார், இன்னொருவர் இல்லை என்கிறார்; இருவர் சொல்வதும் சரியாக இருக்க முடியுமா, அல்லது ஒருவர் சொல்வது கட்டாயம் தவறா? இரண்டு கேள்விகளின் விடைகளும் பெரிதும் ஒத்துப்போயின. எந்தப் பெயரடையில் ஆளுக்கு ஆள் வேறுபட இடம் அதிகமோ, அது பெயர்ச்சொல்லிலிருந்து அதிகம் விலகி நிற்கவே மக்கள் விரும்பினார்கள்.

எனவே நடைமுறைக்கு எட்டு வகைகள் வேண்டாம், மூன்று கூட்டங்கள் போதும். முதலில் நம் கருத்து: நைஸ், பியூட்டிஃபுல், ஹாரிபிள், யூஸ்ஃபுல். அடுத்து கண்ணுக்குத் தெரியும் தோற்றம்: அளவு, வயது, வடிவம், நிறம். கடைசியில் பொருளின் பூர்வீகம்: எந்த ஊருடையது, எதில் செய்தது, எதற்கானது. நடுக்கூட்டத்துக்குள் மட்டும் ஒரு சின்ன ஒழுங்கு உண்டு. அளவு முன்னால் வர வேண்டும், நிறம் கடைசியில் வர வேண்டும். வயதும் வடிவமும் இடையில் எப்படி நின்றாலும் பெரிய உறுத்தல் இல்லை. டோல்கீனின் டிராகன் சறுக்கியது இந்த நடுக்கூட்டத்தில்தான். நிறம் அளவை முந்திவிட்டது.

எந்தப் பிழை எவ்வளவு உறுத்தும் என்பதையும் இதை வைத்தே கணிக்கலாம். ‘ஓல்ட் ரவுண்ட் டேபிள்’ என்பதை ‘ரவுண்ட் ஓல்ட் டேபிள்’ என்றால் கேட்பவர் ஒரு கணம் தயங்குவார், அவ்வளவுதான். இரண்டும் பக்கத்துப் பக்கத்து வகைகள். ‘டீக் பியூட்டிஃபுல் டேபிள்’ என்றால் பேசுகிறவர் ஆங்கிலத்துக்குப் புதியவர் என்று உடனே முடிவு கட்டிவிடுவார். தூரம் கூடக் கூடப் பிழையின் சத்தமும் கூடுகிறது. அதனால் எழுதும்போது சந்தேகம் வந்தால் நடுவில் உள்ளவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கருத்து முதலில் இருக்கிறதா, செய்பொருள் கடைசியில் இருக்கிறதா என்று இரண்டு முனைகளை மட்டும் பார்த்தால் போதும்.

விதிக்கு அடங்காதவை போலத் தோன்றும் சிலவும் உண்டு. பச்சை நிறத்தில் ஒரு சீனக் கோப்பை இருந்தால் அது ‘எ கிரீன் சைனீஸ் கப்’. நிறம் முன்னால், நாடு பின்னால், விதிப்படி. ஆனால் சீனாவிலிருந்து வரும் கிரீன் டீ ‘சைனீஸ் கிரீன் டீ’ ஆகிறது. இங்கே நாடு முன்னால் வந்து, நிறம் பின்னால் போய்விட்டது. விதி உடைந்துவிட்டதா என்றால் இல்லை. கிரீன் டீ என்பது ஒரு வகைப் பெயர். அதில் கிரீன் என்பது தேநீரின் நிறத்தைச் சொல்லவில்லை, தேநீரின் இனத்தைச் சொல்கிறது. பொருளோடு ஒட்டிப்போன சொல் பெயர்ச்சொல்லை ஒட்டி நிற்கிறது. ‘ஃப்ரெஞ்ச் ரெட் ஒயின்’ என்பதும் இதே கதைதான்.

குழந்தைக் கதைகளில் வரும் ‘பிக் பேட் வுல்ஃப்’ இன்னொரு கேள்வி. பேட் என்பது கருத்து, பிக் என்பது அளவு; ‘பேட் பிக்’ என்றல்லவா வர வேண்டும்? இதற்கு ஃபோர்சைத் தரும் விளக்கம் ஒலி சார்ந்தது. டிக்-டாக், ஜிக்-ஜாக், டிங்-டாங், கிங்-காங் என்று ஒலித்துப் பார்த்தால் ‘இ’ ஓசை எப்போதும் முதலில் வருவது தெரியும். காது பழகிய அந்த ஓசை வரிசை இங்கே பொருள் வரிசையை வென்றுவிடுகிறது.

அழுத்தம் கொடுக்கும்போதும் வரிசை மாறலாம். மேஜை மேல் பல பெரிய பெட்டிகள் இருந்து, அவற்றில் சிவப்பு மட்டும் வேண்டுமென்றால், ரெட் என்பதை அழுத்திச் சொல்லி ‘த ரெட் பிக் பாக்ஸ்’ என்று கேட்க முடியும். பேச்சில் குரல் இருக்கிறது, அதனால் தப்பித்துக்கொள்ளலாம். எழுத்தில் அந்த வசதி இல்லை.

தமிழிலும் பெயரடை பெயர்ச்சொல்லுக்கு முன்னால்தான் வருகிறது. ‘அழகான சின்ன மரப்பெட்டி’ என்று யோசிக்காமலே சொல்கிறோம். ‘மர சின்ன அழகான பெட்டி’ என்று யாரும் சொல்வதில்லை. ‘அழகான பெரிய’, ‘பெரிய அழகான’ என்று சில இடங்களில் தமிழ் கொஞ்சம் தாராளமாக விட்டுக்கொடுக்கும். ஆனால் செய்பொருளும் பயன்பாடும் பெயரை ஒட்டி நிற்பதில் இரண்டு மொழிகளும் ஒன்று. இதனால் தமிழர்கள் ஆங்கிலம் எழுதும்போது பெயரடை வரிசையில் அவ்வளவாகத் தடுக்கி விழுவதில்லை. தடுக்கி விழும் இடம் அடுத்த தெருவில் இருக்கிறது: வினையடை.

வினையடை இடம் மாறினால் என்ன ஆகும் என்பதை உலகமே நேரலையில் பார்த்த ஒரு நாள் உண்டு. 2009 ஜனவரி 20. வாஷிங்டனில் பராக் ஒபாமா அமெரிக்க அதிபராகப் பதவியேற்கிறார். தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் உறுதிமொழியைச் சொல்லச் சொல்ல, ஒபாமா திருப்பிச் சொல்ல வேண்டும். வாசகம் அமெரிக்க அரசியல் சட்டத்திலேயே எழுதப்பட்டது, மொத்தம் 35 சொற்கள். அதில் ‘ஐ வில் ஃபெய்த்ஃபுல்லி எக்ஸிக்யூட்’ என்று ஒரு பகுதி. இந்தப் பதவியை உண்மையுடன் வகிப்பேன் என்று பொருள். ராபர்ட்ஸ் கையில் தாள் இல்லாமல் நினைவிலிருந்து சொன்னார். ‘ஃபெய்த்ஃபுல்லி’ என்ற சொல்லை உரிய இடத்தில் விட்டுவிட்டு, தொடரின் கடைசியில் கொண்டுபோய் வைத்தார். வாசகம் தெரிந்த ஒபாமா ‘எக்ஸிக்யூட்’ என்ற சொல்லோடு நின்றுவிட்டார். ராபர்ட்ஸ் திருத்த முயன்றார், அதுவும் நேராகவில்லை. கடைசியில் ஒபாமாவும் அந்தச் சொல்லைக் கடைசியில் வைத்தே முடித்தார். சட்டச் சிக்கல் எதுவும் வந்துவிடக் கூடாது என்று மறுநாள் மாலை வெள்ளை மாளிகையின் மேப் ரூமில் உறுதிமொழி மறுபடியும் எடுக்கப்பட்டது.

மொழியியலாளர் ஸ்டீவன் பிங்கர் இதற்கு ஒரு காரணம் சொன்னார். துணைவினைக்கும் முதன்மை வினைக்கும் நடுவே எதுவும் நுழையக் கூடாது என்று ஒரு பழைய நம்பிக்கை ஆங்கிலம் எழுதுகிறவர்கள் சிலரிடம் உண்டு. ‘வில்’, ‘எக்ஸிக்யூட்’ இரண்டுக்கும் நடுவே இருந்த சொல்லை ராபர்ட்ஸின் மனம் தன்னையறியாமலே வெளியேற்றியிருக்கலாம் என்பது அவர் ஊகம். ஊகம் சரியோ தவறோ, அரசியல் சட்டம் எழுதியவர்கள் அந்தச் சொல்லை வைத்த இடம்தான் ஆங்கிலத்தில் இயல்பான இடம்.

வினையடைக்கு ஆங்கில வாக்கியத்தில் மூன்று இருக்கைகள் உண்டு. வாக்கியத்தின் தொடக்கம், நடு, முடிவு. எந்த வினையடை எந்த இருக்கையில் என்பதைப் பார்ப்பதற்கு முன், எதுவுமே உட்காரக் கூடாத ஓர் இடத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. அது வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவில் உள்ள இடம்.

‘அவள் ஆங்கிலம் நன்றாகப் பேசுவாள்’ என்பதை ‘ஷி ஸ்பீக்ஸ் வெல் இங்கிலீஷ்’ என்று எழுதுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். தமிழ் வாக்கியத்தில் ‘நன்றாக’ என்பது ‘பேசுவாள்’ என்ற வினையை ஒட்டி நிற்கிறது. ‘ஆங்கிலம்’ அதற்கு அப்பால் இருக்கிறது. தமிழர் ஆங்கிலத்தில் வினையை முன்னுக்குக் கொண்டுவரும்போது, ஒட்டியிருந்த ‘நன்றாக’வையும் கூடவே கூட்டிவந்துவிடுகிறார். ஆனால் ஆங்கிலத்தில் வினையோடு கைகோத்து நிற்பது செயப்படுபொருள். ‘ஸ்பீக்ஸ்’ என்றால் அடுத்து ‘இங்கிலீஷ்’ வந்தாக வேண்டும். ‘வெல்’ காத்திருந்து பின்னால் வரும். ‘ஷி ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் வெல்.’ ‘ஐ லைக் வெரி மச் திஸ் ஃபிலிம்’ என்பதும் இதே பிழை. ‘ஐ லைக் திஸ் ஃபிலிம் வெரி மச்’ என்பதே சரி.

இதற்கு ஒரே ஒரு சலுகை உண்டு. செயப்படுபொருள் மிக நீளமாக இருந்தால் வினையடை அதற்கு முன்னால் வரலாம். ‘ஷி எக்ஸ்ப்ளெய்ன்ட் கேர்ஃபுல்லி வாட் வி ஹேட் டு டூ வித் த ஃபார்ம்ஸ்’ என்ற வாக்கியத்தில் ‘கேர்ஃபுல்லி’யைக் கடைசிக்குத் தள்ளினால், அது விளக்கியதைச் சேர்ந்ததா, படிவம் நிரப்புவதைச் சேர்ந்ததா என்ற குழப்பம் வரும். ஒன்றிரண்டு சொல்லில் அடங்கும் செயப்படுபொருளுக்கு இந்தச் சலுகை கிடையாது.

இனி இருக்கைகள். ஆல்வேஸ், நெவர், ஆஃபன், யூஷுவலி, ஆல்ரெடி போன்ற சொற்களின் சொந்த இடம் நடு இருக்கை. நடு என்றால் சரியாக எங்கே? ஒரே சொல்லை நான்கு வாக்கியங்களில் போட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும். ‘ஷி ஆல்வேஸ் டிரிங்க்ஸ் காபி’: துணைவினை இல்லை, அதனால் வினைக்கு முன். ‘ஷி இஸ் ஆல்வேஸ் லேட்’: இஸ், ஆர், வாஸ் வந்தால் அதற்குப் பின். ‘ஷி ஹேஸ் ஆல்வேஸ் லிவ்ட் ஹியர்’: துணைவினை ஒன்று இருந்தால் அதற்குப் பின். ‘ஷி ஹேஸ் ஆல்வேஸ் பீன் ட்ரீட்டட் வெல்’: துணைவினை இரண்டு இருந்தால் முதலாவதற்குப் பின். சுருக்கமாக, முதல் துணைவினைக்குப் பின்னால். துணைவினை இல்லாவிட்டால் வினைக்கு முன்னால். ஒபாமாவின் உறுதிமொழியில் ‘ஃபெய்த்ஃபுல்லி’ இருக்க வேண்டிய இடமும் இதுவே: ‘வில்’ என்பதற்குப் பின், ‘எக்ஸிக்யூட்’ என்பதற்கு முன்.

நடு இருக்கை ஒற்றைச் சொல்லுக்குத்தான். ‘எவ்ரி டே’, ‘லாஸ்ட் வீக்’, ‘ட்வைஸ் எ மன்த்’ போல இரண்டு மூன்று சொல்லாக வருபவை அங்கே உட்கார முடியாது. ‘ஐ எவ்ரி டே டிரிங்க் காபி’ என்பது தமிழ் வாடை வீசும் ஆங்கிலம். ‘நான் தினமும் காபி குடிப்பேன்’ என்ற வாக்கியத்தின் நிழல் அதில் தெரிகிறது. ‘எவ்ரி டே’ கடைசிக்குப் போக வேண்டும், அல்லது வாக்கியத்தின் தொடக்கத்துக்கு வர வேண்டும். ‘யெஸ்டர்டே’ ஒற்றைச் சொல்தான் என்றாலும், திட்டவட்டமான காலத்தைச் சொல்வதால் அதற்கும் நடு இருக்கை கிடையாது.

கடைசி இருக்கையில் கூட்டம் சேரும்போது ஒரு வரிசை தேவைப்படுகிறது. எப்படி, எங்கே, எப்போது என்ற மூன்றும் சேர்ந்து வந்தால் ஆங்கிலம் அவற்றை இந்த வரிசையிலேயே அடுக்கும். ‘ஷி சேங் பியூட்டிஃபுல்லி அட் த மியூசிக் அகாடமி லாஸ்ட் நைட்.’ இதையே தமிழில் சொல்லிப் பார்க்கலாம்: ‘நேற்றிரவு மியூசிக் அகாடமியில் அருமையாகப் பாடினார்.’ எப்போது, எங்கே, எப்படி, வினை. ஆங்கிலத்தில் வினை, எப்படி, எங்கே, எப்போது. கண்ணாடியில் பார்ப்பதுபோல் ஒன்று மற்றொன்றின் தலைகீழ். இரண்டு மொழியிலும் வினைக்கு மிக அருகில் இருப்பது ‘எப்படி’தான். வினை வலப்பக்கம் இருந்து இடப்பக்கம் போனதால் மற்றவையும் கூடவே திரும்பிக்கொண்டன. ஆகவே தமிழில் இயல்பாக வரும் வாக்கியத்தைப் பின்னாலிருந்து முன்னால் படித்தால், பெரும்பாலும் ஆங்கில வரிசை தானே கிடைத்துவிடும். போவது, வருவது போன்ற வினைகளில் மட்டும் எங்கே என்பது முந்திக்கொள்ளும்: ‘ஹி வென்ட் டு மதுரை பை பஸ் யெஸ்டர்டே.’

முதல் இருக்கை வேறு மாதிரியானது. அங்கே உட்காரும் வினையடை வினையைவிட முழு வாக்கியத்தையும் பார்த்துப் பேசுகிறது. ‘ஹி டிட் நாட் ஸ்பீக் ஆனஸ்ட்லி’ என்றால் அவர் பேசினார், ஆனால் நேர்மையாகப் பேசவில்லை. அதே சொல்லை முன்னால் கொண்டுவந்து ‘ஆனஸ்ட்லி, ஹி டிட் நாட் ஸ்பீக்’ என்றால் அவர் வாயே திறக்கவில்லை. நேர்மை இப்போது சொல்கிறவருடையது. ஒரு சாட்சி வாக்குமூலத்தில் இந்த இரண்டும் இடம் மாறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இடம் மாறினால் பொருளே மாறும் சொற்களில் தமிழர்களை அதிகம் சிக்கவைப்பது ‘ஒன்லி’. தமிழில் ‘தான்’ என்பது தான் அழுத்த வேண்டிய சொல்லின் பின்னால் ஒட்டிக்கொள்கிறது: அவர்தான், நேற்றுதான், சென்னையில்தான். அந்தப் பழக்கத்தில் ‘அவர்தான் சொன்னார்’ என்பதை ‘ஹி ஒன்லி டோல்ட் மி’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘ஒன்லி’ வழக்கமாகத் தனக்குப் பின்னால் வருவதையே பார்க்கும். எனவே கேட்கும் வெளிநாட்டவருக்கு அவர் சொன்னதோடு சரி, வேறொன்றும் செய்யவில்லை என்று பொருள்படும். ‘ஒன்லி ஹி டோல்ட் மி’ என்று முன்னால் மாற்றினாலும் சரியாகாது; வேறு யாரும் சொல்லவில்லை என்று ஆகிவிடும். ‘அவர்தான் சொன்னார்’ என்பதன் அழுத்தத்துக்கு ‘இட் வாஸ் ஹி ஹூ டோல்ட் மி’ என்று வாக்கியத்தின் அமைப்பையே மாற்ற வேண்டியிருக்கிறது. இந்தியாவுக்குள் பேசும்போது ‘ஒன்லி’யைப் பின்னால் போடுவது எல்லோருக்கும் புரிகிறது. வெளிநாட்டுக்குப் போகும் ஒப்பந்தத்திலும் மின்னஞ்சலிலும் அது தவறான தகவலாகவே போய்ச் சேரும்.

இவை அனைத்தும் ஒரு சாதாரணக் கடிதத்தில் எப்படிச் சேர்ந்து வருகின்றன என்று பார்க்கலாம். வெளிநாட்டில் குடியேறிய தமிழர் ஒருவர் அலமாரி வாங்கிய கடைக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘ஐ யெஸ்டர்டே பாட் எ உடன் ஸ்மால் நைஸ் கப்போர்டு. யுவர் மேன் ஃபிக்ஸ்ட் கேர்லெஸ்லி த டோர். ஐ ஹேவ் கால்டு ஆல்ரெடி யூ ட்வைஸ். ப்ளீஸ் சென்ட் எ கார்பென்டர் டுமாரோ ஒன்லி.’

முதல் வாக்கியத்தில் இரண்டு திருத்தம். ‘யெஸ்டர்டே’ நடுவில் இருக்க முடியாது, கடைசிக்குப் போகிறது. அலமாரியின் மூன்று குணங்களில் ‘நைஸ்’ நம் கருத்து, ‘ஸ்மால்’ தோற்றம், ‘உடன்’ செய்பொருள். எழுதியிருப்பது சரியாகத் தலைகீழ். ‘ஐ பாட் எ நைஸ் ஸ்மால் உடன் கப்போர்டு யெஸ்டர்டே.’ இரண்டாவதில் ‘கேர்லெஸ்லி’ வினைக்கும் கதவுக்கும் நடுவே நுழைந்திருக்கிறது. ‘யுவர் மேன் ஃபிக்ஸ்ட் த டோர் கேர்லெஸ்லி’ என்று பின்னால் தள்ளலாம், அல்லது வினைக்கு முன்னால் கொண்டுவரலாம், இரண்டும் சரி. மூன்றாவதில் ‘ஆல்ரெடி’ முதல் துணைவினைக்குப் பின்னால் வர வேண்டும்: ‘ஐ ஹேவ் ஆல்ரெடி கால்டு யூ ட்வைஸ்.’

நான்காவது வாக்கியத்தில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. எழுதியவர் மனத்தில் ‘நாளைக்கே அனுப்புங்கள்’ என்ற அவசரம். கடைக்காரருக்கோ நாளை ஒரு நாள் மட்டும் வரலாம், மற்ற நாட்களில் வரக் கூடாது என்று படும். நாளை ஆசாரிக்கு வேறு வேலை இருந்தால், வாடிக்கையாளருக்கு மற்ற நாட்கள் ஒத்துவராது போலிருக்கிறது என்று கடையில் கடிதத்தை ஓரமாக வைத்துவிடலாம். ‘ப்ளீஸ் சென்ட் எ கார்பென்டர் பை டுமாரோ’ என்று எழுதியிருந்தால் நாளைக்குள் என்ற கெடு அவர்களுக்கும் புரிந்திருக்கும்.